வங்கி எண்ணும் வாடகை

"வாடகை வரும், அதிலேயே தவணை ஓடிவிடும்." இரண்டாவது வீடு வாங்கக் கிளம்புகிற பலர் வீட்டில் சொல்லும் கணக்கு இது. வீட்டில் ஒப்புக்கொள்வார்கள். வங்கியில் கடன் பிரிவு அதிகாரி மறுத்துப் பேசமாட்டார். கால்குலேட்டரைத் தட்டி, நீங்கள் எதிர்பார்த்ததைவிடப் பத்துப் பதினைந்து லட்சம் குறைவாக ஒரு தொகையைச் சொல்வார், அவ்வளவுதான். அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர். பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் மாதம் 90,000 ரூபாய். குடியிருக்கும் வீட்டுக்கு ஏற்கெனவே 22,000 ரூபாய் தவணை போகிறது. சேலையூரில் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு பழைய ஃபிளாட் 60 லட்சத்துக்கு வருகிறது. வாடகைக்கு விட்டால் 18,000 கிடைக்கும் என்கிறார் தரகர். இவரிடம் இருப்பது 24 லட்சம். பத்திரப் பதிவுக்கு, முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம் போய்விடும். வீட்டு விலையில் இந்தச் செலவைச் சேர்த்துக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. ஆகவே அது கைப்பணம்தான். மீதியில் 18 லட்சத்தை விலைக்குக் கொடுத்தால், கடனாக 42 லட்சம் வேண்டும்.

வீட்டின் மதிப்பைப் பொறுத்தவரை இது பிரச்சினை இல்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. 60 லட்சத்துக்கு 48 லட்சம். இவர் கேட்பது அதற்கும் குறைவு. சிக்கல் வருமானத்தில் இருக்கிறது.

கைக்கு வரும் வருமானத்தில் எத்தனை சதவீதம் வரை எல்லாத் தவணைகளுக்குமாகப் போகலாம் என்று ஒவ்வொரு வங்கியும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வங்கிக்காரர்கள் இதை எஃப்.ஓ.ஐ.ஆர். என்பார்கள். சம்பளத்தின் அளவைப் பொறுத்து இது ஏறி இறங்கும். நம் கணக்குக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். 90,000-இல் பாதி 45,000. அதில் 22,000 ஏற்கெனவே போகிறது. புதிய தவணைக்கு மிஞ்சுவது 23,000. வட்டி 8 சதவீதம், தவணைக் காலம் 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 836 ரூபாய். 23,000-க்குக் கிடைக்கும் கடன் ஏறத்தாழ 27½ லட்சம். வாடகையைக் கண்ணெடுத்தும் பார்க்காத வங்கி சொல்லும் விடை இது.

நம்மவர் மனக்கணக்கு வேறு. 23,000 நான் கட்டுவேன், 18,000 வாடகை கட்டும், மொத்தம் 41,000, அதற்கு 49 லட்சம் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார்.

வாடகையைச் சேர்த்துக்கொள்ளும் வங்கிகளும் 18,000-ஐ 18,000 என்று எண்ணுவதில்லை. முதலில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். எவ்வளவு என்பது அந்தந்த வங்கியின் உள்விதி. 30 சதவீதம் கழிப்பதாக எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 12,600. கேட்டதும் கஞ்சத்தனம் என்று தோன்றும். ஆனால் ஒரு வருடத்தை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மாத வாடகை 2,16,000. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 18,000 போயிற்று. சொத்து வரிக்கு ஓர் 6,000. வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார் பழுதுக்கு 20,000. மிஞ்சுவது 1,72,000. எண்பது சதவீதம்தான். தரகருக்குக் கமிஷன் கொடுத்தால், இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால், எழுபது சரியாகவே வந்துவிடும். வருமான வரிச் சட்டமும் வாடகையில் சொத்து வரி போக 30 சதவீதத்தை ரசீது கேட்காமல் கழித்துக்கொள்ள விடுகிறது.

அமெரிக்காவில் இதை ஊரறிய எழுதியே வைத்திருக்கிறார்கள். அங்கே வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, மொத்த வாடகையில் 75 சதவீதம்தான் கணக்கில் வரும். மீதிக் கால் பங்கு காலியிருப்புக்கும் பராமரிப்புக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பொது எண் கிடையாது. கேட்டால்தான் தெரியும். பலர் கேட்பதில்லை.

கழித்து மிஞ்சிய 12,600-ஐ எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதுதான் இதைவிடப் பெரிய விஷயம். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, சம்பளத்தோடு கூட்டுவது. 90,000-உடன் 12,600 சேர்ந்தால் 1,02,600. அதில் பாதி 51,300. பழைய தவணை 22,000 போக 29,300. கடன் சுமார் 35 லட்சம். கவனியுங்கள், இங்கே வாடகை இரண்டு முறை வெட்டுப்படுகிறது. முதலில் 30 சதவீதம் போயிற்று, மிஞ்சியதிலும் பாதிதான் தவணைக்கு என்று ஆயிற்று. 18,000 ரூபாய் வாடகை உங்கள் தவணைச் சக்தியைக் கூட்டியது வெறும் 6,300.

இன்னொன்று, வாடகையை நேராகத் தவணையில் கழிப்பது. சம்பளத்தில் இருந்து 23,000, வாடகையில் இருந்து 12,600, ஆக 35,600 வரை தவணை கட்டலாம் என்று பார்ப்பது. கடன் சுமார் 42½ லட்சம்.

ஒரே ஆள், ஒரே வீடு, ஒரே வாடகை. விடை மட்டும் 27½, 35, 42½ என்று மூன்று. நம்மவருக்கு வேண்டிய 42 லட்சம் கடைசி வழியில் மட்டுமே கிடைக்கிறது. வட்டியில் கால் சதவீதம் குறைவாகக் கொடுக்கும் வங்கியைத் தேடி அலைகிற நேரத்தில், வாடகையை எப்படி எண்ணுகிறீர்கள் என்று இரண்டு கிளைகளில் கேட்பது அதிகப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

தாராளமாக எண்ணும் வங்கி தவறு செய்கிறது என்றும் சொல்லமுடியாது. 42 லட்சத்துக்குத் தவணை சுமார் 35,130. செலவு போக வாடகை மாதத்துக்கு 14,300 என்றால், சம்பளத்தில் இருந்து போடவேண்டியது 20,800. பழைய தவணையோடு சேர்த்து 42,800. 90,000 சம்பளத்தில் தாங்கும். ஆனால் வீடு காலியான மாதத்தில் 57,130 போகும். சம்பளத்தில் 63 சதவீதம். கண்டிப்பான அதிகாரி பயப்படுவது அந்த மாதத்துக்குத்தான். கடன் எடுக்கிறவரும் அதற்கு ஆறு மாதத் தவணையைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

சரி, 18,000 வரும் என்று வங்கி எதை வைத்து நம்பும்? தரகர் வாய்ச்சொல் செல்லாது. ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருக்கும் வேறொரு வீட்டின் வருமானம் என்றால் ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த வாடகை, வருமான வரிக் கணக்கு மூன்றையும் கேட்பார்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வாடகையை ரொக்கமாக வாங்கி வரிக் கணக்கில் காட்டாமல் விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வரிக்கு இல்லாத வருமானம் கடனுக்கு மட்டும் எப்படி இருக்கும்?

இனிமேல்தான் வரப்போகும் வாடகை என்றால் கதை வேறு. பல வங்கிகள் அதைத் தொடுவதே இல்லை. ஸ்டேட் பாங்க் போன்ற சில வங்கிகள், வாங்கும் வீட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தால், எதிர்பார்க்கும் வாடகையில் வரி முதலியவற்றைக் கழித்துச் சேர்த்துக்கொள்ளும் வழியை வைத்திருக்கின்றன. அப்போது வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அக்கம்பக்கத்து வாடகையைப் பார்த்துத் தரும் எண்ணே செல்லும். அவர் 15,000 என்று எழுதினால் 15,000-தான். சொந்தக்காரர் பெயரில் 25,000-க்கு ஓர் ஒப்பந்தம் தயார் செய்து கொடுக்கிற வேலையும் நடக்கிறது. வங்கி நேரில் ஆளனுப்பி விசாரிக்கும்போது அது நிற்பதில்லை. பொய் ஆவணம் என்று குறித்துவிட்டால் விண்ணப்பமே போய்விடும்.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வாங்குகிறவர்களுக்கு இந்த வழி அநேகமாக மூடியேதான் இருக்கும். சாவி கைக்கு வரும்வரை வாடகை இல்லை, வட்டி மட்டும் ஓடும். குடியிருப்பவரோடு சேர்த்தே பழைய வீட்டை வாங்குவதென்றால் நிலைமை சற்று மேல். வாடகை உண்மையிலேயே வந்துகொண்டிருக்கிறது, விற்பவரின் வங்கிக் கணக்கே சாட்சி. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி அந்த ஒப்பந்தம் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகியிருந்தால் இன்னும் வலு. ஆனால் குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸ் விற்பவரிடம் இருக்கும். அதை விலையில் கழித்துக்கொள்ள மறந்தால், அவர் காலி செய்யும் நாளில் நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

யார் பெயரில் வீடு என்பதும் முக்கியம். அம்மா பெயரில் பத்திரம், மகன் பெயரில் கடன் என்றால் அந்த வாடகை மகனின் வருமானம் ஆகாது. அம்மாவும் கடனில் சேர்ந்தாக வேண்டும்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் உதாரணத்தில் வாடகை 2,16,000. சொத்து வரியும் 30 சதவீதமும் போக 1,47,000. முதல் வருட வட்டி 3,33,000 அளவில் இருக்கும். ஆக வீட்டில் 1,86,000 நட்டம். பழைய வரி முறையில் இந்த நட்டத்தை, வருடத்துக்கு 2 லட்சம் வரை, சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் முடியாது. வாடகைக்கு வரி வராது, அதோடு சரி. இப்போது நீங்களாக மாற்றிக்கொள்ளாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும் என்பதால், பழைய காலத்து நண்பர் சொன்ன சலுகை உங்களுக்கு இல்லாமல் போகலாம்.

இன்னொரு வீடும் ஏற்கெனவே கடனில் இருந்து, இது மூன்றாவது என்றால் கணக்கே மாறுகிறது. தனிநபர் ஒருவரின் மூன்றாவது வீட்டுக் கடனில் இருந்து அதை வணிக நிலச்சொத்துக் கடனாக வங்கிகள் வகைப்படுத்தவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வகுத்தது. வட்டி கூடும், சில கிளைகள் விண்ணப்பத்தையே வாங்கத் தயங்கும்.

நம் சேலையூர்க்காரர் செய்யவேண்டியது வரிசை மாறாமல் இருக்கவேண்டும். முதலில் சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, பழைய கடன் விவரத்தைக் கொடுத்து, எத்தனை லட்சம் வரை கிடைக்கும் என்ற முன் ஒப்புதலை எழுத்தில் வாங்கவேண்டும். அதில் வாடகை சேர்க்கப்பட்டிருக்கிறதா, இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அதன் பிறகே விற்பவரிடம் முன்பணம். கிரய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் மூன்று மாதக் கெடு இருக்கும். வங்கி 42-க்குப் பதில் 35 என்று சொல்ல இரண்டு மாதம் எடுத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் ஒரு மாதத்தில் 7 லட்சம் புரட்டவேண்டி வரும். கடன் குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வரியை அந்த ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம். விற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் வீடு ஆறு மாதமாக விலைபோகாமல் கிடந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.