களஆய்வேட்டில் பின்னிணைப்பு: தெரிவும் சுட்டும் – குரங்கணிப் பகுதி இடப்பெயராய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

களஆய்வை அடிப்படையாகக் கொண்ட ஆய்வேடுகளில் எவற்றைப் பின்னிணைப்பில் சேர்ப்பது, அவற்றை இயல்களிலிருந்து எவ்வாறு சுட்டுவது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவின் இடப்பெயர்களைத் தொகுக்கும் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. வினாநிரல், தகவலாளர் பட்டியல் ஆகிய இரண்டும் விரிவாக நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பின்னிணைப்பு, களஆய்வு, தகவலாளர், இடப்பெயர், குரங்கணி, உட்சுட்டு.

முன்னுரை

தமிழியல் ஆய்வேடுகளில் பின்னிணைப்பு பெரும்பாலும் இறுதியில் எழுதப்படுகிறது. இயல்களில் இடம்பெறாமல் எஞ்சியவை அங்கே சேர்கின்றன. நிழற்படங்கள், வினாநிரல், தகவலாளர் பட்டியல் என்னும் வரிசை ஏறத்தாழ மாறுவதில்லை. இயல்களிலோ ‘விவரங்கள் பின்னிணைப்பில் தரப்பட்டுள்ளன’ என்ற ஒரு தொடருக்கு மேல் சுட்டு அமைவதில்லை. இதனால் இருவகைக் குறைகள் நேர்கின்றன. வாதத்திற்கு இன்றியமையாத சான்று பின்னிணைப்பில் மறைந்துவிடுகிறது. வெளியிடத் தகாத செய்தி அங்கே வெளிப்பட்டுவிடுகிறது. இரண்டாவது குறை ஆய்வாளரை மட்டுமன்றி அவருக்குத் தகவல் தந்தவரையும் பாதிப்பதாகும்.

பின்னிணைப்பின் தகுதி

பின்னிணைப்பு என்பது முதன்மை குறைந்த பகுதி என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது பொருந்தாது என்பதை நடுவண் அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைக் கொண்டு விளக்கலாம். மக்கள் கருத்துக்கேட்பு நடத்தப்பட வேண்டும் என்பதை அறிவிக்கையின் உடற்பகுதி கூறுகிறது. அதனை நடத்தும் முறையை நான்காம் பின்னிணைப்பு வகுக்கிறது. மதிப்பீட்டறிக்கையின் பொது அமைப்பு மூன்றாம் பின்னிணைப்பில் உள்ளது. உடற்பகுதி இன்ன பின்னிணைப்பின்படி என எண் குறித்துச் சுட்டுவதனாலேயே அவை கட்டுப்படுத்தும் வலிமை பெறுகின்றன. ‘எது செய்யப்பட்டது’ என்பது உடற்பகுதிக்கும் ‘எவ்வாறு செய்யப்பட்டது’ என்பதன் விரிவு பின்னிணைப்புக்கும் உரியது என்ற பகுப்பை ஆய்வேட்டிற்கும் கொள்ளலாம்.

இப்பகுப்பிற்கு ஓர் எல்லை உண்டு. முடிவையே மாற்றவல்ல செய்தி, அளவில் சிறியதாயினும், உடற்பகுதியில் இருத்தல் வேண்டும். போடி மேற்கு மலையில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் வழக்கு இதனை உணர்த்தும். திட்ட இடத்திற்கும் கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவிற்கும் இடையிலான தொலைவு 4.9 கி.மீ. என்பது 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கருத்திற்கொண்ட செய்திகளுள் ஒன்று. ஐந்து கி.மீ. எல்லைக்குள் அமைவதால் திட்டம் வேறு வகைப்பாட்டிற்குள் வந்தது. முன்னர் வழங்கிய ஒப்புதலும் நிறுத்தி வைக்கப்பட்டது. இத்தகைய ஓர் எண் எந்த அறிக்கையிலும் அட்டவணையின் ஒரு கட்டத்தில் மட்டும் இருக்கத்தக்கதன்று.

தெரிவுக்குரிய இரு வினாக்கள்

ஒரு பொருளைப் பின்னிணைப்பில் வைக்கலாமா என்பதை இரு வினாக்களால் தீர்மானிக்கலாம். இப்பொருளைப் படிக்காமலே வாசகர் வாதத்தைப் பின்தொடர இயலுமா என்பது முதல் வினா. இயலாதெனில் அதன் இடம் இயலே. வாதத்தை ஐயுறும் வாசகர் சரிபார்ப்பதற்கு இப்பொருள் தேவையா என்பது இரண்டாவது. தேவையில்லையெனில் அதற்கு ஆய்வேட்டில் இடமில்லை. முதல் வினாவிற்கும் இரண்டாவதற்கும் ‘ஆம்’ என விடை தருவனவே பின்னிணைப்புக்கு உரியவை.

குரங்கணிப் பகுதியின் இடப்பெயர்களை ஓர் ஆய்வாளர் தொகுக்கிறார் எனக் கொள்வோம். மலையுச்சியில் ‘டாப் ஸ்டேஷன்’, சரிவின் இடையில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’, அடிவாரத்தில் குரங்கணி, கொட்டகுடி ஆகிய ஊர்கள் உள்ளன. மூணாற்றுத் தோட்டங்களின் தேயிலையைக் கொண்டுவர 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை அமைந்தது. 1924 வெள்ளத்தில் அது அழிந்தது. அப்பாதை வழியே டாப் ஸ்டேஷன் வந்த தேயிலை, கம்பிவடப் பாதை வழியே கொட்டகுடி அடிவாரத்திற்கு இறக்கப்பட்டு, போடிநாயக்கனூர் சென்றது. மேல்நிலையம், கீழ்நிலையம் என்னும் பெயர்கள் இப்போக்குவரத்தால் வந்தவை. ‘சென்ட்ரல்’ என்பதும் இவ்வரிசையைச் சார்ந்ததே, மக்கள் நினைவில் அத்தொடர்பு இன்றும் உள்ளது என நிறுவுவது ஆய்வாளரின் நோக்கம்.

அவரிடம் உள்ளவை ஐந்து: இடப்பெயர்களின் முழு அகரநிரல், வினாநிரல், நேர்காணல்களின் எழுத்துப்பெயர்ப்பு, தகவலாளர் பட்டியல், நிழற்படங்கள். ‘ஸ்டேஷன்’ என முடியும் பெயர்களை ஒப்பிடும் சிறு அட்டவணை இயலில் அமையும். அஃதின்றி வாதம் இல்லை. முழு அகரநிரல் பின்னிணைப்பில் அமையும். தமக்கு ஏற்ற பெயர்களை மட்டும் ஆய்வாளர் தெரிந்தெடுக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. எழுத்துப்பெயர்ப்பு முழுவதையும் அச்சிட வேண்டியதில்லை. இயலில் மேற்கோளாகும் பகுதிகளை அவற்றின் முன்பின் உரையாடலுடன் தருவதும், ஒரு நேர்காணலை மாதிரியாக முழுமையாகத் தருவதும் போதும். நிழற்படங்களுள் கம்பிவடப் பாதையின் எச்சத்தைக் காட்டுவது சான்றாகும். தகவலாளருடன் ஆய்வாளர் நிற்கும் படம் எதனையும் நிறுவுவதில்லை, அதனை நீக்கலாம்.

வினாநிரல்: கேட்ட சொல்லும் அச்சிட்ட சொல்லும்

வினாநிரலைப் பின்னிணைப்பில் தருவது வழக்கமே. ஆனால் நெறியாளர் ஒப்புதலுக்காக எழுதிய செம்மையான வடிவமே பெரும்பாலும் அச்சேறுகிறது. களத்தில் கேட்ட வடிவம் அன்று. ‘இவ்வூர்ப் பெயர் எவ்வாறு வந்தது?’ என்று தாளில் இருக்க, களத்தில் ‘ரோப்வே இருந்ததாலதான இந்தப் பேரு வந்துச்சு?’ என்று கேட்டிருந்தால், ‘ஆமாம்’ என்னும் விடையின் மதிப்பே வேறாகிறது. விடையை வினாவே ஊட்டிவிட்டது. மக்கள் நினைவில் தொடர்பு உள்ளது என்ற முடிவிற்கு அவ்விடை சான்றாகாது.

ஆகவே கேட்கப்பட்ட வடிவத்தையே பேச்சுநடையில் தருதல் வேண்டும். களப்பணியின் இடையில் வினா மாற்றப்பட்டிருந்தால் எத்தனையாவது நேர்காணலிலிருந்து மாற்றப்பட்டது என்பதையும் குறித்தல் வேண்டும். அம்மாற்றம் விடைகளைப் பாதித்திருந்தால் பின்னிணைப்புக் குறிப்பு போதாது. இயலிலேயே அதனை ஒப்புக்கொண்டு, மாற்றத்திற்கு முந்திய விடைகளையும் பிந்தியவற்றையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

தகவலாளர் பட்டியல்

பெயர், வயது, சாதி, தொழில், ஊர், சில வேளைகளில் கைபேசி எண் என நீளும் தகவலாளர் பட்டியல் நம் ஆய்வேடுகளில் இயல்பாகிவிட்டது. தட்டச்சுப்படியாக நூலகத்தில் இருந்த காலத்தில் அதனைக் கண்டவர் சிலரே. இன்று ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் பொதுப்பார்வைக்கு வைக்கப்படுகின்றன. பட்டியலில் உள்ளவரை எவரும் எங்கிருந்தும் தேடிக் காணலாம்.

குரங்கணியில் இது வெறும் கொள்கை வினா அன்று. 2018 மார்ச் 11இல் இம்மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றோர் பலர் உயிரிழந்தனர். எந்தப் பாதைக்கு அனுமதி இருந்தது, எதற்கு இல்லை என்பது அதன்பின் விசாரணைக்குரிய பொருளாயிற்று. இடப்பெயர் குறித்துப் பேசும் முதியவர் ஒருவர் இயல்பாகவே பாதைகளைப் பற்றியும் பேசுவார். இந்த ஓடைவழியே இன்றும் போவதுண்டு என்பார். அவர் பெயரும் ஊரும் பட்டியலில் இருந்தால், பெயராய்வுக்குத் தந்த விடை வேறொரு நோக்கில் அவருக்கு எதிராகப் படிக்கப்படலாம். ஏலத்தோட்டக் கூலி பற்றிப் பேசிய தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

பெயரை நீக்கிக் குறியீடு இடுவது முதற்படி. அது மட்டும் போதாது. சில வீடுகளே உள்ள குடியிருப்பில் ‘த. 7, பெண், 81, ஓய்வுபெற்ற ஏலத்தோட்டத் தொழிலாளி, சென்ட்ரல்’ என்பது பெயருக்குச் சமம். ‘த. 7, பெண், 70க்கு மேல், தோட்டத் தொழில், மேல்சரிவு’ என விரிந்த வகைகளில் தந்தால் வாதத்திற்கு வேண்டிய தலைமுறை, தொழில் ஆகியன எஞ்சும். ஆள் அடையாளம் மறையும். ஒரே வகைச் சேர்க்கையில் ஒருவர் மட்டுமே அமைகிறாரா எனப் பார்ப்பது எளிய சோதனை. அவ்வாறு அமைந்தால் வகையை மேலும் விரிக்க வேண்டும். குறியீட்டிற்கும் பெயருக்கும் உரிய பொருத்தப்பட்டியல் ஆய்வேட்டுக்கு வெளியே, ஆய்வாளரிடமும் நெறியாளரிடமும் இருக்கலாம்.

இதற்கு விலக்கும் உண்டு. பாடல் பாடியவர், கதை சொன்னவர் ஆகியோர் தகவல் தந்தவர் மட்டுமல்லர், அப்படைப்பிற்கு உரியவர். அவர்தம் பெயரை மறைப்பது உரிமையைப் பறிப்பதாகும். அங்கே அவர்தம் இசைவைக் கேட்டுப் பெயரைத் தருவதே முறை. இசைவு எந்தச் செய்திக்குப் பெறப்பட்டது என்பதையும் பின்னிணைப்பில் குறிக்கலாம்.

சுட்டும் முறை

பின்னிணைப்புகளின் வரிசை, அவை இயல்களில் முதன்முதல் சுட்டப்படும் வரிசையைப் பின்பற்றுவது நல்லது. சுட்டுத்தொடர் இருவகையாக அமையலாம்.

(அ) ‘சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் பெயர் பற்றித் தகவலாளர் கூறியவை பின்னிணைப்பில் தரப்பட்டுள்ளன.’

(ஆ) ‘சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் பெயரைக் கம்பிவடப் பாதையுடன் தாமாகவே தொடர்புபடுத்தியோர் 70 வயதைக் கடந்தவர்களே (பின். 3: த. 4, த. 7, த. 11).’

முதலாவது வாசகரிடம் வேலையை ஒப்படைக்கிறது. தான் எதனையும் கூறவில்லை. இரண்டாவது முடிவைத் தானே கூறி, அதனைச் சரிபார்க்கும் இடத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் காட்டுகிறது. அடைப்பை நீக்கினாலும் தொடர் பொருள் தருவதே நல்ல சுட்டின் அடையாளம். பக்க எண்ணைவிடப் பதிவெண்ணைச் சுட்டுவதே பாதுகாப்பானது. திருத்தத்தில் பக்கம் மாறும், பதிவெண் மாறாது.

சுட்டு இருவழியாகவும் அமைதல் வேண்டும். ஒவ்வொரு பின்னிணைப்பின் தலைப்பின்கீழும் ‘இயல் 3, பிரிவு 3.2இல் சுட்டப்படுகிறது’ என ஒரு வரி சேர்க்கலாம். அவ்வரியை எழுத இயலாத பின்னிணைப்பு தேவையற்றது என்பது அப்போதே புலப்படும். சொற்செயலியில் எண்களைக் கையால் தட்டச்சிடாமல் Cross-reference வசதியால் இட்டால், பின்னிணைப்பு ஒன்று நீக்கப்பட்டதும் எஞ்சியவற்றின் எண்கள் மாறும். ஆயினும் அவை தாமே புதுப்பிக்கப்படுவதில்லை. ஆவணம் முழுவதையும் Ctrl+A கொண்டு தெரிந்து F9 விசையை அழுத்த வேண்டும். இலக்கு அழிந்த சுட்டு ‘Error! Reference source not found.’ எனக் காட்டும். அச்சிடுமுன் இத்தொடரை ஒருமுறை தேடிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

பின்னிணைப்பு, ஐயுறும் வாசகருக்கு ஆய்வாளர் திறந்துவைக்கும் சான்றறை. வாதத்தின் தூண்களை அங்கே ஒதுக்குதல் கூடாது. வாதத்தோடு தொடர்பற்றவற்றை அங்கே குவித்தலும் கூடாது. கேட்டபடியே வினாவைத் தருதல், ஆளை அடையாளம் காட்டாமல் தகவலாளரை விவரித்தல், முடிவைக் கூறிப் பதிவெண்ணால் சுட்டுதல் ஆகிய மூன்றையும் களப்பணி தொடங்கும்போதே திட்டமிடலாம். குறிப்பாக, தகவலாளருக்குக் குறியீடு இடும் வேலையை முதல் நேர்காணலன்றே தொடங்கினால், குறிப்பேட்டிலிருந்து இயலுக்குச் செல்லும் எந்தத் தொடரிலும் அவர் பெயர் இடம்பெறாது.