ஐந்தாம் மாதமா, ஐந்தாம் திகதியா?

பதிவேட்டின் உள்ளே: தொடர் 11

ஓர் அம்மாவின் பிறந்த திகதி தாளில் 05/03/1955 என்று எழுதப்பட்டிருக்கிறது. முன்னேஸ்வரத்தில் அதைப் படிக்கிற எவருக்கும் அது மார்ச் மாதம் ஐந்தாம் திகதிதான். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து, அதே எட்டு இலக்கங்களை அதே ஒழுங்கில் தட்டுகிறார். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனாலும் கணினி பதிந்துகொண்டது மே மாதம் மூன்றாம் திகதி.

பிரித்தானியர் விட்டுப்போன வழக்கப்படி நாம் நாளை முதலில் எழுதுகிறோம். நமது கடவுச்சீட்டிலும் அப்படித்தான். சிங்கள மொழிப் படிவங்களிலோ ஆண்டு, மாதம், திகதி என்ற ஒழுங்கை அடிக்கடி காணலாம். தமிழும் சிங்களமும் அருகருகே புழங்குகிற சிலாபம் பக்கத்தில் இந்த இரண்டும் கலந்தே நடக்கின்றன. நான்கு இலக்க ஆண்டு முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் பெரிய குழப்பம் வருவதில்லை. குழப்பம் வருவது மூன்றாவது வழக்கத்தால். அமெரிக்காவில் மாதத்தை முதலில் சொல்லிப் பிறகு நாளைச் சொல்வார்கள், எழுதுவதும் அப்படியே. கொமியூனிகேஷன் கடையிலோ அலுவலகத்திலோ விண்டோஸ் நிறுவும்போது, பிராந்தியம் என்ற இடத்தில் `English (United States)` இருந்தால் பெரும்பாலும் அதை யாரும் மாற்றுவதில்லை. அன்றிலிருந்து அந்தக் கணினி திகதிகளை அமெரிக்க ஒழுங்கில் படிக்கிறது. இணையப் படிவத்தின் திகதிப் பெட்டியில் மெல்லிய சாம்பல் நிறத்தில் `mm/dd/yyyy` என்று தெரிவதும் இதனால்தான். படிவத்தைச் செய்தவர் இலங்கையராக இருந்தாலும், பெட்டி எப்படித் தோன்றும் என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது படிவத்தை நிரப்புகிறவரின் உலாவியும் அதன் மொழி அமைப்பும்தான்.

எல்லாத் திகதியும் புரண்டுவிடுவதில்லை. புரள்வது எது, புரளாதது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தப் பிழையின் குணம் புரியும். 25/03/1955 என்று தட்டினால் இருபத்தைந்தாம் மாதம் கிடையாது; கணினி அதை ஏற்காது. எக்செல் அட்டவணை என்றால், அதைத் திகதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாகப் பெட்டியின் இடது ஓரத்தில் ஒட்டி வைத்துவிடும். ஆண்டின் 365 நாட்களில் 221 நாட்கள் இப்படி மறுக்கப்படுபவை. 04/04 போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக வருகிற 12 நாட்கள் எந்த ஒழுங்கில் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 நாட்களில் பிறந்தவர்களுக்கு மட்டும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேறொரு திகதி பதிவாகிறது. நூறு பேரில் 36 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். புரண்டு கிடைப்பதும் முழுமையான, செல்லுபடியாகும் திகதி. அதனால் அந்த ஒரு பதிவை எத்தனை தடவை பார்த்தாலும் அதில் பிழை தெரியாது.

இதற்குமேல் நடப்பதுதான் நிலைமையை மோசமாக்குகிறது. 25 ஏற்கப்படவில்லை என்றதும், தட்டுகிறவர் மாற்றி 03/25/1955 என்று போட்டுப் பார்க்கிறார். ஏற்கப்படுகிறது. ‘மறுத்தால் மாற்றிப் போடு’ என்று கை பழகிவிடுகிறது. மறுக்காத இடத்தில் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றக் காரணமே இல்லை. நாள் முடிவில் கிடைக்கும் பட்டியலில் பதின்மூன்றாம் திகதியிலிருந்து மாதக் கடைசி வரை பிறந்தவர்கள் எல்லோரும் சரியாக இருக்கிறார்கள். முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் பிறந்தவர்களில் பெரும்பாலோர் புரண்டிருக்கிறார்கள். மேலதிகாரி பட்டியலின் நடுவிலிருந்து நாலைந்து பேரை எடுத்துச் சரிபார்த்தால், எல்லாம் சரி என்றே முடிவுக்கு வர இடமிருக்கிறது. தட்டியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தாளில் உள்ளதைத்தான் தட்டினார், கணினி கேட்டபோது கேட்டதைக் கொடுத்தார்.

இனி வயதுக்கு வருவோம். புரண்ட திகதிக்கும் உண்மைத் திகதிக்கும் இடையே அதிகபட்சம் பதினொரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரம்தான் இருக்க முடியும், ஆண்டு மாறுவதில்லை. ஆகவே முழு ஆண்டாகக் கணக்கிடும் வயதில் ஒன்று கூடலாம், அல்லது குறையலாம். அதுவும் ஆண்டு முழுவதும் அல்ல. மேலே சொன்ன அம்மாவுக்கு 2025 மார்ச் 5 அன்று எழுபது வயது நிறைந்தது. கணினியில் உள்ளபடி அது மே 3 அன்றுதான் நிறைகிறது. இடைப்பட்ட 59 நாட்களும் கணினி அவரை 69 என்று சொல்லும். மே 3 பிறந்ததும் இரண்டு கணக்கும் 70 என்று ஒத்துப்போய்விடும். ஜூன் மாதம் யாராவது வந்து சரிபார்த்தால் வயது பொருந்துகிறது என்று கையெழுத்திட்டுப் போவார். அடுத்த மார்ச்சில் பிழை மறுபடி தலைகாட்டும். எழுபது தாண்டிய முதியோருக்கான கொடுப்பனவுக்கு அவர் மார்ச் மாதமே விண்ணப்பித்திருந்தால், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே ‘உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை அம்மா’ என்ற பதிலைக் கேட்க நேரும்.

சிறு பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் கூர்மையாக வெட்டுகிறது. அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர, ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது வழமையான விதி. 2021 ஜனவரி 2 அன்று பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 02/01/2021 என்பது புரண்டால் பெப்ரவரி 1. 2026 ஜனவரி 31 அன்று அந்தப் பிள்ளைக்கு ஐந்து நிறைய ஒரு நாள் பாக்கி என்று பட்டியல் சொல்லும். ஒரு நாளால் ஓர் ஆண்டு போகும். ஜனவரி 2 முதல் 12 வரை பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் இப்படி வெளியே தள்ளப்படுவார்கள். மறுபக்கத்தில், பெப்ரவரி முதல் டிசம்பர் வரை எந்த மாதத்திலாவது முதலாம் திகதி பிறந்தவர்கள் ஜனவரிக்குள் இழுக்கப்பட்டு, வயது வராமலே தகுதி பெறுவார்கள். மற்றப் புரளல்கள் இந்த ஒரு முடிவைப் பாதிப்பதில்லை. மார்ச் 5 மே 3 ஆனாலும் இரண்டும் ஜனவரி 31க்கு அப்பால்தானே. வயது எல்லை வைக்கிற எந்தப் பட்டியலிலும், எல்லைத் திகதியின் இரு பக்கமும் தாண்டக்கூடிய திகதிகளைத் தனியே எடுத்து மூலச் சான்றிதழோடு ஒப்பிட்டாலே போதும். முழுப் பட்டியலையும் புரட்ட வேண்டியதில்லை.

பெரியவர்களைப் பொறுத்தவரை, சரிபார்க்க நமது கையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வேறு பல நாட்டாருக்கு இந்த வசதி இல்லை. தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த நாள் மறைந்திருக்கிறது, அதுவும் மாதம் என்ற ஒன்றே இல்லாத வடிவத்தில். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும், நாள் எண் அதை அடுத்து வரும். மாதமும் திகதியும் தனித்தனியாக இல்லாதபடியால் அவை இடம்மாறவும் வழியில்லை.

நமது அம்மாவுக்குக் கணக்கைப் போடுவோம். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மார்ச்சில் 5, மொத்தம் 65. பெண் என்பதால் 565. பழைய அட்டை என்றால் அவருடைய இலக்கம் 55565 என்று தொடங்கும். பிறந்தது மே 3 ஆக இருந்தால் 31, 29, 31, 30, பிறகு 3 என்று கூட்டி 124. 500 சேர்த்தால் 624. அட்டையில் 565 இருந்து கணினியில் மே 3 இருந்தால் எது பிழை என்று சந்தேகமே வேண்டாம்.

1955 நெட்டாண்டு இல்லையே, பெப்ரவரிக்கு ஏன் 29 என்று கேட்பீர்கள். இலக்கம் வழங்கும் முறையில் எல்லா ஆண்டுக்கும் 366 நாள் கணக்குத்தான். இது தெரியாமல் கணினியின் சாதாரண நாட்கணக்கோடு ஒப்பிட்டால், சாதாரண ஆண்டில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிசகுவதாகத் தெரியும். நல்ல பதிவுகளையும் பிழை என்று ஒதுக்கிவிட நேரும். அடையாளம் காண்பது எளிது. நாளும் மாதமும் புரண்டால் வித்தியாசம் குறைந்தது 27 நாட்களாவது இருக்கும். ஒரே ஒரு நாள் பிசகினால் அது கணக்கு முறையின் வித்தியாசம்தான்.

பட்டியல் ஏற்கெனவே புரண்டுபோயிருந்தால், பிராந்திய அமைப்பை இப்போது மாற்றி ஒன்றும் ஆகாது. எக்செல் திகதியை எழுத்தாகச் சேமிப்பதில்லை, ஒரு எண்ணாகச் சேமிக்கிறது. 1955 மார்ச் 5க்கு 20153, மே 3க்கு 20212. உள்ளே 20212 உட்கார்ந்த பிறகு அமைப்பை இலங்கைக்கு மாற்றினால் திரையில் 03/05/1955 என்று, பிழையே நாள் முந்திய கோலத்தில் காட்சி தரும். யாரும் இடையில் மாற்றிப் போடாமல், முழுப் பட்டியலும் 05/03/1955 என்ற வடிவில் நாளை முதலில் வைத்தே தட்டப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அமெரிக்க அமைப்பு இருந்த கோப்பில் இந்தச் சூத்திரம் திருப்பிக் கொடுக்கும்:

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

எண்ணாக மாறியவற்றில் நாளையும் மாதத்தையும் திருப்பி வைக்கிறது. எழுத்தாகவே நின்றவற்றை நாள் முந்தியதாகப் படிக்கிறது. தட்டியவர் மறுத்தவற்றை மாற்றிப் போட்டவர் என்றால் இந்தச் சூத்திரம் உதவாது. அவர் சரியாகப் போட்ட மார்ச் 25ஐ இருபத்தைந்தாம் மாதமாக்கி, இரண்டு ஆண்டு தள்ளி ஜனவரியில் கொண்டுபோய் விடும். அப்படிப்பட்ட பட்டியலில் ஒவ்வொருவராக அடையாள அட்டையின் நாள் எண்ணோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. நாள் 12க்குள் உள்ளவர்களை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் வேலை பாதிக்குமேல் குறையும்.

புதிதாகத் தட்டும்போது மாதத்தைப் பெயராக எழுதக் கேட்கும் படிவமே நல்லது. ‘5 மார்ச் 1955’ என்பதை யாரும் எப்படியும் திருப்ப முடியாது. அல்லது 1955-03-05 என்று ஆண்டை முன்வைக்கலாம். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 8601 சொல்வதும் இதையே. திகதிப் பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், சேமித்தவுடன் திரையில் மாதப் பெயரோடு ஒரு தடவை காட்டும்படி செய்துவிட்டால், எதிரே நிற்கும் அம்மாவே ‘மே இல்லை தம்பி, மார்ச்’ என்று சொல்லிவிடுவார்.

அட்டை இலக்கத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. அது பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வழங்கப்பட்டது. பிறப்பு பதியப்படாமல் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற்ற முதியவர்களுக்கு, அட்டையில் உள்ள நாள் எண்ணும் அந்த உத்தேசத்தின் பிரதிதான். கணினியில் வேறு நாள் இருந்தால் அவர்களுக்கும் பட்டியலைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்தியபின் கிடைப்பது சான்றிதழில் உள்ள திகதி, அவர்கள் பிறந்த நாள் அல்ல.