பில் எப்பொழுது சேரவேண்டும், பணம் எப்பொழுது வரும்?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றன் அலுவலகச் சுவரில் பின்வரும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது: “ஒப்பந்தக்காரர்கள் தங்கள் பில்களை மாதந்தோறும் 25ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பில்களுக்கு 30 நாட்களில் தொகை வழங்கப்படும்.” இரண்டே வாக்கியங்கள். முதல் பார்வைக்கு இதில் குறை ஒன்றும் தெரிவதில்லை, நமக்கும் தெரியவில்லை. சங்கத்துக்கு நூல் சாயமிட்டுத் தரும் பட்டறைக்காரர் எழுதிய முறையீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிவேடுகளைப் புரட்டிய பிறகே, இந்த இரண்டு வாக்கியங்கள் செய்த வேலை நமக்குப் புலனாயிற்று.

அவர் 2026 ஜனவரி 20ஆம் தேதி சாய நூலைச் சங்கத்தின் கிடங்கில் ஒப்படைத்தார். கிடங்குக் காப்பாளர் எடைபோட்டு, சாயத்தையும் பார்த்து, ரசீது கொடுத்துவிட்டார். 25ஆம் தேதி பில்லுடன் வந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது, அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் குடியரசு நாள் விடுமுறை. 27ஆம் தேதி காலையில் அவர் கொடுத்த பில்லை எழுத்தர், “தேதி கடந்துவிட்டது” என்று பிப்ரவரிக் கணக்கில் சேர்த்தார். பிப்ரவரிக் கணக்கு 25ஆம் தேதி முடிந்து, மார்ச் 10ஆம் தேதி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கீகாரம் பெற்றது. அதிலிருந்து 30 நாட்கள் எண்ணி, ஏப்ரல் 9ஆம் தேதி பணம் அனுப்பினார்கள். பட்டறைக்காரரோ, 25ஆம் தேதியிலிருந்து 30 நாட்கள் எண்ணி, பிப்ரவரி 24ஆம் தேதியே பணம் வருமென்று காத்திருந்தார். நூலை ஒப்படைத்த நாளிலிருந்து பணம் வந்த நாள்வரை 79 நாட்கள்! இதற்கிடையே சாயச் சரக்குக் கடைக்காரர் கடனை நெருக்கவே, பட்டறைக்காரர் சங்கத்தின் அடுத்த நூலைத் தொடாமல் வைத்துவிட்டார். பாவுக்கு நூலின்றித் தறிகள் நின்றன. கூலியை இழந்தவர்கள் நம் அங்கத்தினர்கள். அந்த அறிவிப்பை அவர்களில் ஒருவரும் எழுதவில்லை.

இதில் எழுத்தர் தவறு செய்தார் என்று சொல்வதற்கில்லை. அறிவிப்பில் உள்ளபடியே அவர் நடந்துகொண்டார். “25ஆம் தேதிக்குள்” என்றால் அன்று எத்தனை மணிவரை? அன்று விடுமுறையானால் முந்திய நாளா, பிந்திய நாளா? “30 நாட்களில்” என்றால் எந்த நாளிலிருந்து? இந்தக் கேள்விகளுக்கு அறிவிப்பு விடை சொல்லவில்லை. விடையில்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வசதியானதை நிரப்பிக்கொள்வது இயல்பு. மேலும், அங்கீகாரம் என்பது சங்கத்துக்குள் நடைபெறும் காரியம். கூட்டம் எப்பொழுது கூடும் என்பது ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது. தெரியாத நாளிலிருந்து எண்ணச் சொல்வது ஒரு தேதியைச் சொன்னதாகாது.

முதலில் சொற்களை மட்டும் திருத்திவிடலாமென்றே எண்ணினோம். நேரம் குறிப்பிட்டோம், விடுமுறைக்கு விதி சேர்த்தோம். பிறகு அதே பில் ஜனவரிக் கணக்கிலேயே சேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். பிப்ரவரி 10ஆம் தேதி அங்கீகாரம். அதிலிருந்து 30 நாட்கள் கழித்து மார்ச் 12ஆம் தேதி பணம். இதுவும் சட்டத்துக்கு மாறானது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாளரின் சரக்குக்கும் வேலைக்கும் பணம் தருவதற்கு உச்ச வரம்பு விதித்திருக்கிறது. இருவரும் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டலாகாது. எழுத்து மூலம் உடன்பாடு இல்லையேல் 15 நாட்களே. சரக்கு வந்த 15 நாட்களுக்குள் குறையை எழுத்தில் தெரிவிக்காவிட்டால், அது வந்து சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகும். நம் பட்டறைக்காரர் பதிவு பெற்றவர். அவருக்கு ஜனவரி 20 முதல் 45ஆம் நாள் மார்ச் 6. தாமதத்துக்கு வட்டியோ, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு; அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் எண்ணத் தொடங்குவது சரக்கை ஏற்ற நாளிலிருந்து. சங்கம் எண்ணியது பில்லை அங்கீகரித்த நாளிலிருந்து. எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த இடைவெளி மறையாது. ஆகவே அறிவிப்பைத் திருத்தப் புகுந்த நாம் நடைமுறையையே திருத்த வேண்டியதாயிற்று.

மாதம் ஒருமுறை, 25ஆம் தேதியோடு கணக்கை முடித்து, அடுத்த மாதம் 10ஆம் தேதி பணம் தந்தால் போதாதா என்று சங்கத் தலைவர் கேட்டார். ஜூலை 26ஆம் தேதி ஒப்படைத்த சரக்கை வைத்துப் பார்த்தோம். அதன் பில் ஆகஸ்ட் 25இல் முடியும் கணக்கில் சேரும். பணம் செப்டம்பர் 10. மொத்தம் 46 நாட்கள். ஒரே ஒரு நாள்தான் அதிகம்; ஆயினும் அதிகம் அதிகமே. எனவே மாதம் இருமுறை என்று முடிவாயிற்று. துணைவிதிகள் இடந்தந்தமையால், பில்களை அங்கீகரிக்கத் துணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. மாதக் கூட்டத்துக்காகப் பில்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

திருத்திய அறிவிப்பு வருமாறு:

“10ஆம் தேதி மாலை 4 மணிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்ந்த பில்களில் அங்கீகாரம் பெற்றவற்றுக்கு அதே மாதம் 25ஆம் தேதி பணம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். அதற்குப் பின், 25ஆம் தேதி மாலை 4 மணிக்குள் சேர்ந்தவற்றுக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதி செலுத்தப்படும். பில் சேரவேண்டிய நாள் விடுமுறையானால், அடுத்த வேலை நாள் மாலை 4 மணிவரை பெற்றுக்கொள்ளப்படும். பணம் தரும் நாள் விடுமுறையானால், முந்திய வேலை நாளிலேயே தரப்படும். பில்லில் வேலை உத்தரவு எண்ணும் கிடங்கு ரசீது எண்ணும் இருத்தல் வேண்டும். குறையுள்ள பில் மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் எழுதித் திருப்பப்படும். இரண்டு வேலை நாட்களுக்குள் திருத்தித் தந்தால் பணம் தரும் தேதி மாறாது. பில்லைக் கொடுத்ததும் தேதியிட்ட ரசீது கேட்டுப் பெறுக.”

இந்த ஏற்பாட்டின்படி பட்டறைக்காரரின் ஜனவரி பில் 27ஆம் தேதி மாலைவரை காலத்தில் சேர்ந்ததாகும். பிப்ரவரி 10ஆம் தேதி பணம் கிடைத்திருக்கும். சரக்கை ஒப்படைத்த 21ஆம் நாள்.

நிற்க. சுவரில் ஒட்டிய அறிவிப்பு மட்டும் எழுத்து மூலமான உடன்பாடாகிவிடாது. எனவே இதே வாசகத்தை ஒவ்வொரு வேலை உத்தரவின் பின்புறத்திலும் அச்சிட்டு, இரு தரப்பாரும் கையெழுத்திடச் செய்தோம். சில சங்கங்கள் இதைச் செய்யாமல் விட்டுவிடுகின்றன. அவற்றுக்கு 45 நாட்கள் கிடையா, 15 நாட்கள்தாம் என்பதை அவை உணர்வதில்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன் பட்டறைக்காரர், லாரிச் சொந்தக்காரர், கட்டட மேஸ்திரி ஆகிய மூவரையும் அழைத்து முன்வரைவைப் படித்துக் காட்டினோம். “12ஆம் தேதி பில் கொடுத்தால் பணம் என்றைக்கு?” என்று தனித்தனியே கேட்டோம். இருவர் “வருகிற மாதம் 10ஆம் தேதி” என்றனர். லாரிச் சொந்தக்காரர் மட்டும், “10ஆம் தேதிதான் போய்விட்டதே ஐயா, அப்படியானால் 25ஆம் தேதிதானே?” என்றார். எடுத்துப் பார்த்தால், அந்த முன்வரைவில் “10ஆம் தேதி செலுத்தப்படும்” என்று மட்டுமே எழுதியிருந்தோம். “அடுத்த மாதம்” என்னும் இரண்டு சொற்களும் அவர் கேட்ட பிறகு சேர்ந்தவை.