இருபத்தோராம் நாள் இரவில் நின்றுபோன டாலர் விலை

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு டாலரிலும் யூரோவிலும் விலை காட்டும் ஒரு சிறு ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நாணய மாற்று விகிதங்களைக் கட்டணத்துக்குத் தரும் ஓப்பன் எக்ஸ்சேஞ்ச் ரேட்ஸ் போன்ற சேவையிலிருந்து அதன் சர்வர் விகிதத்தை எடுக்கிறது. மாதம் 10,000 கோரிக்கைகள் கொண்ட திட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நாளைக்கு 288, மாதத்துக்கு 8,640. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

எட்டாம் நாள், சோதனைக்காக இன்னொரு சர்வரில் அதே நிரலை ஏற்றுகிறார் ஒரு ஊழியர். சாவியும் அதுவே. அன்றிலிருந்து நாளைக்கு 576 போகிறது. மொத்த ஒதுக்கீடும் 21ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தால் 429 என்ற பிழை எண்தான் வரும். நிரல் அதைக் கண்டுகொள்ளாவிட்டால், பக்கத்தில் பழைய விகிதமே நிற்கும். ஆர்டர்களும் அந்த விலைக்கே விழும்.

இதை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறது. பயன்பாட்டுக் கணக்கைச் சேவையிடமே கேட்கலாம்:

```
curl "https://openexchangerates.org/api/usage.json?app_id=YOUR_APP_ID"
```

பதிலில் வரும் `requests_remaining` மிச்சத்தையும், `days_remaining` மீதி நாட்களையும், `daily_average` நாள் சராசரியையும் சொல்லும்.

சராசரியை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். மேற்சொன்ன நிறுவனத்தில் 14ஆம் நாள் முடிவில் 6,048 கோரிக்கைகள் போயிருக்கும். சராசரி 432, ஆனால் அன்றைய உண்மைச் செலவு 576. முதல் வாரத்தின் குறைந்த செலவு சராசரியைக் கீழே இழுத்திருக்கிறது. அதனால் தினமும் ஒரே நேரத்தில் மிச்சத்தைக் குறித்து, முந்தைய நாளின் எண்ணிலிருந்து கழிப்பதே நல்லது. மிச்சம் 3,952, அதை 576ஆல் வகுத்தால் ஏழு நாள்கூட வராது. மீதமிருப்பதோ 16 நாட்கள். இந்த வகுத்தலைத் தினமும் செய்து, நாள் போதாதென்றால் மின்னஞ்சல் அனுப்பும்படி ஒரு சிறு நிரல் எழுதிவிடலாம்.

எச்சரிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சாவி எங்கெல்லாம் கிடக்கிறது என்பதை. அடுத்தது, எத்தனை தடவை கேட்பது என்பதை. 10,000 கோரிக்கைத் திட்டத்தில் விகிதங்கள் மணிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால், பன்னிரண்டில் பதினொன்று வீண்.

ஒரு சர்வர் மட்டும் மணிக்கு ஒருமுறை விகிதத்தை எடுத்துக் கோப்பில் சேமிக்கட்டும். மற்றவை அந்தக் கோப்பையே படிக்கட்டும். பதிலோடு வரும் `timestamp` என்ற நேரக்குறியையும் சேமித்துவைத்தால், விகிதம் எவ்வளவு பழையது என்பது தெரியும். இப்படி மாற்றினால், அந்த நிறுவனத்துக்கு முழு மாதத்துக்கும் 720 கோரிக்கைகளே போதும்.