நூற்றுக்கு இருபது என்றால் எத்தனை கிராம்?

ஒரு கோழி முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. எடையில் புரதம்தான் ஒரு கிராம் கூடுதல். ஆனால் அந்த முட்டை தரும் சுமார் 70 கலோரியில் 45 கலோரி கொழுப்பிலிருந்து வருகிறது. புரதம் தருவது 24தான். ‘மேக்ரோ’ கணக்கில் சொல்லப்படும் சதவீதம் எடையைக் குறிப்பதல்ல, கலோரியைக் குறிப்பது. கணக்குப் பிசகுகிறவர்களில் பலர் பிசகுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த சராசரி எண்கள் இவை. இன்றும் பாக்கெட் உணவின் லேபிளுக்கு இவையே அடிப்படை.

அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் நாளுக்கு 1800 கலோரி என்று முடிவு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவுச்சத்து 50, புரதம் 20, கொழுப்பு 30 சதவீதம் என்று பிரிக்கிறார். முதலில் சதவீதத்தைக் கலோரியாக்க வேண்டும்: 900, 360, 540. பிறகு முதல் இரண்டை 4ஆலும் கொழுப்பை 9ஆலும் வகுக்க வேண்டும். மாவுச்சத்து 225 கிராம், புரதம் 90 கிராம், கொழுப்பு 60 கிராம். அவசரத்தில் கொழுப்பையும் 4ஆல் வகுத்துவிட்டால் 135 கிராம் என்று விடை வரும். அதன்படி சாப்பிட்டால் நாளுக்கு 675 கலோரி கூடிவிடும். அதனால் கிடைத்த கிராம்களை மறுபடி 4, 4, 9ஆல் பெருக்கிக் கூட்டிப் பார்ப்பது அவசியம். 1800 வராவிட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

கணக்கு இதோடு முடிந்துவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் சதவீதத்துக்கு ஒரு குறை உண்டு. கலோரி இலக்கைக் குறைத்தால் எல்லாமே அதோடு சேர்ந்து சுருங்கும், புரதம் உட்பட. உடலுக்கு வேண்டிய புரதமோ முதன்மையாக உடல் எடையைப் பொறுத்தது. எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க, புரதம் குறையாமல் பார்த்துக்கொள்வதே நல்லது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. அறுபது கிலோவுக்கு அது சுமார் 50 கிராம். நம் பெண் 15 சதவீதப் புரதத்தோடு 1200 கலோரிக்கு இறங்கினால் கிடைப்பது 45 கிராம்தான். அதே 15 சதவீதம் 2000 கலோரியில் 75 கிராம். சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

ஆகவே புரதத்தை முதலில் கிராமில் வைத்துவிட்டு, மற்றதைப் பிறகு பிரிப்பதே சரி என்பது என் கருத்து. கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 72 கிராம், அதாவது 288 கலோரி. கொழுப்புக்கு 30 சதவீதம், 60 கிராம். மிச்சம் 972 கலோரி. 4ஆல் வகுத்தால் மாவுச்சத்து 243 கிராம். சதவீதமாகப் பார்த்தால் 54, 16, 30. இலக்கை 1500ஆகக் குறைக்கும்போது இதே சதவீதத்தைப் பிடித்துக்கொண்டால் புரதம் 60 கிராமாக இறங்கிவிடும். 72ஐ அப்படியே வைத்துக்கொண்டால் கொழுப்பு 50, மாவுச்சத்து சுமார் 190 கிராம் என்று மற்ற இரண்டும் இடம் கொடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே வைக்க வேண்டும்.

இந்த 72 கிராம் சத்தின் எடை, உணவின் எடையல்ல. நூறு கிராம் துவரம் பருப்பில் புரதம் 22 கிராம் அளவுதான். அதுவும் வேகவைக்காத பருப்பில். வெந்தபின் தண்ணீரை இழுத்து எடை கூடிவிடுவதால், சமைத்ததை நிறுத்துவிட்டுப் பச்சைப் பருப்பின் எண்ணைச் செயலியில் போட்டால், சாப்பிடாத புரதம் கணக்கில் ஏறும். சமைக்கும் முன் நிறுப்பதே எளிது. நாளுக்கு 200 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, இரண்டு முட்டை, 300 மில்லி பால் என்றால் புரதம் 48 கிராம் அருகில் வரும். இன்னும் 24 வேண்டும். உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராம் அதை நிரப்பிவிடும். அசைவம் சாப்பிடுபவருக்குத் தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமுக்குச் சற்று மேல், பச்சையாக நிறுத்தது. தாளிக்கும் எண்ணெயையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கிட்டத்தட்ட 14 கிராம் கொழுப்பு. அன்றைய 60 கிராமில் நாலில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.