‘கிளிக்’ சத்தம் கேட்டால் கம்ப்ரசர் போய்விட்டதா?

தீபாவளிக்கு முந்தைய வாரம். லிட்டில் இந்தியாவில் சித்தப்பாவின் பூக்கடைக்கு உதவப் போயிருந்தேன். கூடுதல் சரக்கு வைக்க இடம் வேண்டும் என்று, கண்ணாடிக் கதவு போட்ட குளிர்சாதனப் பெட்டியை முதல் நாள் இரவே கடையின் பின்பக்கத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். மறுநாள் காலை 10 மணிக்குப் பெட்டியிலிருந்து ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து ‘ம்ம்ம்’ என்ற முனகல், மீண்டும் ‘கிளிக்’, பிறகு அமைதி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இதே கதை. உள்ளே மல்லிகைச் சரம் நிறைய இருந்தது. பெட்டி குளிரவில்லை.

“கம்ப்ரசர் போச்சு தம்பி. புதுசு போட முந்நூறு வெள்ளிக்கு மேல ஆகும்,” என்றார் சித்தப்பா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்பொறியியல் படிக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பழக்கமான பழுதுபார்ப்பவரை அழைத்தோம். வந்தவர் பெட்டியைத் தொடவே இல்லை. “இதற்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது?” என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் புரிய, கம்ப்ரசர் எப்படிக் கிளம்புகிறது என்று தெரிய வேண்டும். அதற்குள் இருக்கும் மோட்டார், ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் ஓடுவது. ஓடுவதற்கான ஒரு சுருள் மட்டும் இருந்தால், காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர சுழலாது. மோட்டார் நின்ற இடத்தில் முனகிக்கொண்டே இருக்கும். அதைச் சுழற்றிவிட ‘ஸ்டார்ட்’ சுருள் என்ற இரண்டாவது சுருள் உண்டு. மோட்டார் வேகம் பிடித்ததும் இந்தச் சுருளுக்கு வேலை இல்லை. அதை விலக்கிவிடுவதே ஸ்டார்ட் ரிலேயின் பணி.

இன்றைய பல பெட்டிகளில் இந்த ரிலே ஒரு சிறிய பீங்கான் வில்லைதான். குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை குறைவு. மின்னோட்டம் பாய்ந்ததும் ஓரிரு விநாடிகளுக்குள் சூடேறி, மின்தடை பல ஆயிரம் ஓம் ஆகிவிடும். ஸ்டார்ட் சுருளுக்குப் போகும் பாதை ஏறக்குறைய அடைபடும். அசையும் பாகம் இல்லாததால் அந்த வில்லை சத்தம் போடாது.

அப்படியானால் ‘கிளிக்’ எங்கிருந்து வருகிறது? கம்ப்ரசரின் மேற்புறத்தோடு ஒட்டியிருக்கும் ‘ஓவர்லோட்’ என்ற பாதுகாப்புச் சாதனத்திலிருந்து. இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த சிறு தகடு அதற்குள் இருக்கிறது. அதிக மின்னோட்டம் சில விநாடிகள் பாய்ந்தால், தகடு சூடாகி ‘டக்’கென்று வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் இணைக்கும். நாங்கள் கேட்டது அதைத்தான். மோட்டார் சுற்ற முடியாமல் நின்றதால், சுருள் கருகிவிடாமல் அது காத்துக்கொண்டிருந்தது. மோட்டார் ஏன் சுற்றவில்லை என்பதே உண்மையான கேள்வி.

சிங்கப்பூரில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஏற்ற இறக்கம் பொதுவாக 6 விழுக்காட்டுக்குள் இருக்கும். தமிழ்நாட்டில் தாத்தா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் இருப்பதையும், ‘லோ வோல்டேஜ்’ என்று அவர் அலுத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தப் பிரச்சினை இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

பழுதுபார்ப்பவர் ஒயரைப் பின்தொடர்ந்து போனார். அது முன்பக்கச் சுவரிலிருந்து 30 மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன் சுருள் வழியாக வந்தது. பாதி ஒயர் இன்னும் உருளையிலேயே சுற்றியிருந்தது. அதே உருளையின் இன்னொரு துளையில் டீ போடும் மின்கெண்டி. உருளையில் காலியாக இருந்த மூன்றாவது துளையில் மீட்டரை வைத்தார். 230 காட்டியது. “சரியாகத்தானே இருக்கிறது?” என்றேன். “பொறுங்க தம்பி,” என்றவர், கெண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முனகல் தொடங்கியதும் மீட்டர் 200க்குக் கீழே இறங்கியது. ‘கிளிக்’ கேட்டதும் மேலே ஏறியது.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். செம்பு ஒயரின் குறுக்குப் பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டர். மின்சாரம் போகவும் வரவும் சேர்த்து நீளம் 60 மீட்டர்.

R = 0.0175 × 60 ÷ 0.75 = 1.4 Ω

ஓடும்போது அந்தப் பெட்டி எடுப்பது ஏறத்தாழ 2 ஆம்பியர். ஒயரில் இழப்பு 3 வோல்ட்டுக்கும் குறைவு. ஆனால், மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் பல மடங்கு அதிகம் இழுக்கும். 15 ஆம்பியர் என்று வைத்தால் இழப்பு 21 வோல்ட். 2,000 வாட் கெண்டி இழுக்கும் 8.7 ஆம்பியரால் இன்னொரு 12 வோல்ட். 230இல் 33 போனால் மிச்சம் 197. மீட்டர் காட்டியதும் ஏறத்தாழ அதுவே.

33 வோல்ட் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். மோட்டார் கிளம்பும் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 197ஐ 230ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.73. அதாவது, நாலில் ஒரு பங்குக்கு மேல் விசை போய்விட்டது. இரவு முழுவதும் ஓடிய பெட்டி, காலையில் டீ போடத் தொடங்கியதும் நின்றதன் காரணம் இதுதான்.

ஆனால், கெண்டியை அணைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லையே? அதற்கும் அவர் விளக்கம் சொன்னார். ஒருமுறை தோற்றதும் பீங்கான் வில்லை சூடாகவே இருக்கும். அது ஆறுவதற்குள் ஓவர்லோட் மீண்டும் இணைத்துவிட்டால், ஸ்டார்ட் சுருளுக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்காது. கம்ப்ரசரின் இரு பக்கத்திலும் உள்ள வாயு அழுத்தம் சமமாகவும் சில நிமிடங்கள் வேண்டும். அதற்கு முன் கிளம்பினால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே ஒரு தோல்வி அடுத்த தோல்விக்கு வழிவிடுகிறது. ஸ்டெபிலைசர்கள் பல, மின்சாரம் வந்ததும் சில நிமிடம் காத்திருந்து இணைப்பதன் காரணமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பெட்டியின் இணைப்பை எடுத்துவிட்டு 20 நிமிடம் காத்திருந்தோம். பிறகு பெட்டியை முன்பக்கம் தள்ளி வந்து நேரே சுவரில் செருகினோம். முனகல் இல்லை. ஒரே மூச்சில் கிளம்பியது. எடுத்துப் பார்த்தபோது உருளையில் சுற்றியிருந்த ஒயர் நன்றாகச் சுட்டது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் சுருண்டு கிடக்கும் ஒயர் உருகித் தீப்பிடிக்கக்கூடும். கம்ப்ரசர் கிளம்பாதது ஒரு விதத்தில் நல்ல எச்சரிக்கை.

காத்திருந்து, சுவரில் நேரே செருகிய பிறகும் உங்கள் வீட்டுப் பெட்டி ‘கிளிக்’ என்றால், அடுத்த சந்தேகம் ரிலே. பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். கலகலவென்று சத்தம் வந்தால் வில்லை உடைந்துவிட்டது. அதன் விலை கம்ப்ரசர் விலையில் சிறு பகுதிதான். புதிய ரிலே போட்டும் கிளம்பாவிட்டால்தான் சுருள் கெட்டதா, உள்ளே இறுகிவிட்டதா என்று கம்ப்ரசரைச் சோதிக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் வகைப் பெட்டிகளுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அவற்றில் மோட்டாரை மின்னணுப் பலகை ஓட்டுகிறது. எந்த வகையானாலும் பின்மூடியை நாமே திறக்கக்கூடாது. பல பெட்டிகளில் உள்ள குளிர்வாயு எளிதில் தீப்பற்றும். கிளிக் சத்தத்தை நிறுத்த ஓவர்லோடைத் தவிர்த்து ஒயரை நேரே இணைப்பது மிக ஆபத்தானது. இணைப்பை எடுப்பது, காத்திருப்பது, சுவரில் நேரே செருகுவது ஆகிய மூன்றும் யாரும் செய்யக்கூடியவை.

அன்று மாலை மல்லிகை எல்லாம் விற்றுப்போனது. கெண்டி இப்போது தனித் துளையில். எக்ஸ்டென்ஷன் உருளையைச் சித்தப்பா குப்பையில் போட்டுவிட்டார்.