விலை தெரியாத ரசீது

அமெரிக்கக் கடைகளில் கிறிஸ்துமஸுக்குத் துணி வாங்கினால், பில் போடுபவரிடம் 'கிஃப்ட் ரசீது' கேளுங்கள். வழக்கமான பில்லோடு இன்னொரு சீட்டும் வரும். அதில் பொருளின் பெயர், வாங்கிய தேதி, பார்கோடு எல்லாம் இருக்கும். விலை மட்டும் இருக்காது.

அண்ணிக்கு 60 டாலர் ஸ்வெட்டர் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவு சிறியதாகிவிட்டது. பண்டிகை முடிந்ததும் அதே ஸ்வெட்டர் தள்ளுபடியில் 30 டாலருக்கு வந்துவிடும். சீட்டு இல்லாமல் போனால் பல கடைகள் அந்த 30 டாலரைத்தான் கணக்கில் எடுக்கும். சீட்டு இருந்தால், பார்கோடை ஸ்கேன் செய்து நீங்கள் கொடுத்த 60 டாலருக்கே வேறு அளவோ, கடையின் கிஃப்ட் கார்டோ தருவார்கள். ரொக்கம் பெரும்பாலும் கிடைக்காது. கார்டு வாங்கினால் விலை தெரிந்துவிடும், அதைத் தவிர்க்க முடியாது.

சீட்டைப் பெட்டிக்குள் மெல்லிய தாளுக்கு அடியில் வையுங்கள். துணியில் தொங்கும் அட்டையைப் பிடுங்காதீர்கள். விலை அச்சான துண்டை மட்டும் கிழித்தால் போதும். அட்டை இல்லாத துணியைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. "அளவு சரியில்லாட்டி மாத்திக்கோங்க அண்ணி, சீட்டு உள்ளேயே இருக்கு" என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டால், அவருக்கும் தயக்கம் இருக்காது.